தோல்வியடைந்த பணப் பரிமாற்றத்தின் ரூபா 36,525.00 ஐ மீள வரவு வைக்கக் கோரல்

செ. விஜயலட்சுமி,
மேல் பிரிவு,
டிக்கோயா.
2025 ஏப்ரல் 10

கிளை முகாமையாளர் அவர்கள்,
ஹட்டன் கிளை.

ஐயா / அம்மணி,

7204 என முடியும் எனது சேமிப்புக் கணக்கு — 2025 ஏப்ரல் 3, பி.ப. 7.41 பரிமாற்றம் — முறைப்பாட்டு இலக்கம் 118362

மேற்படி கணக்கிலிருந்து உங்கள் வங்கியின் கைபேசிச் செயலி மூலம், கண்டியிலுள்ள தொழிற்பயிற்சி நிறுவனமொன்றுக்கு மகளின் பாடநெறிக் கட்டணமாக ரூபா 36,500.00 அனுப்பினேன். அந்த நிறுவனத்தின் கணக்கு வேறொரு வங்கியில் உள்ளது. செயலி பரிமாற்றம் தோல்வி என்று காட்டியது. ஆனால் கட்டணமான 25 ரூபாவும் சேர்ந்து 36,525.00 எனது கணக்கில் பற்று வைக்கப்பட்டுவிட்டது. ஏழு நாட்களாகியும் அது திரும்பி வரவில்லை. அந்தத் தொகையை எனது கணக்கிற்கு மீள வரவு வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு 1 ஆக உள்ள ஸ்கிரீன்ஷொட்டில் தெரியும் விபரங்களை, தேடுவதற்கு வசதியாக அப்படியே கீழே எழுதியுள்ளேன்.

```
Status      : Transaction Failed
Message     : Request timed out
Type        : Other Bank - CEFTS
Date/Time   : 03/04/2025 19:41:36
Amount      : LKR 36,500.00
From A/C    : ********7204
To A/C      : ********5519
Reference   : FT25093K7Q2M
```

திகதியைப் பற்றி ஒரு விடயத்தைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஏப்ரல் 7 ஆம் திகதி கிளைக்கு வந்தபோது, கருமபீடத்திலிருந்த உத்தியோகத்தர் 03/04 என்பதை மார்ச் 4 என எடுத்துத் தேடிவிட்டு, அப்படியொரு பரிமாற்றமே இல்லை என்றார். செயலி நாளை முன்னும் மாதத்தைப் பின்னும் எழுதுகிறது. சந்தேகம் இருந்தால் தொடர்பு இலக்கத்தையே பாருங்கள். FT என்பதற்கு அடுத்துள்ள 25 ஆண்டைக் குறிக்கிறது. 093 அந்த ஆண்டின் 93 ஆவது நாள், அதாவது ஏப்ரல் 3. மார்ச் 4 ஆக இருந்திருந்தால் அந்த இடத்தில் 063 வந்திருக்கும். ஆகவே திகதியை வைத்துத் தேடுவதிலும் இலக்கத்தை வைத்துத் தேடுவதே பிழையில்லாதது.

ஸ்கிரீன்ஷொட்டின் மேல் ஓரத்தில் தொலைபேசிக் கடிகாரம் 7:43 எனக் காட்டும். அது நான் படம் பிடித்த நேரம். பரிமாற்றத்தின் நேரம் 19:41:36 தான்.

தோல்வி என்று செயலி சொன்னதற்குத்தான் ஸ்கிரீன்ஷொட் சாட்சி. பணம் போனதை அது காட்டாது என்பதால், அதே பி.ப. 7.41 க்கு உங்கள் வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியின் படத்தை இணைப்பு 2 ஆகவும், ஏப்ரல் 1 முதல் 9 வரையான கணக்குக் கூற்றை இணைப்பு 3 ஆகவும் வைத்துள்ளேன். பரிமாற்றத்திற்கு முன் மீதி 91,320.45. அதன் பின் 54,795.45. வித்தியாசம் சரியாக 36,525.00. கூற்றில் அந்த வரியை மஞ்சள் நிறத்தில் குறித்துள்ளேன்.

அடுத்ததைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். குழப்பம் வரக்கூடிய இடம் இதுதான். கட்டணம் கட்ட மறுநாளே கடைசி நாள் என்பதால், அன்றே பி.ப. 8.06 க்கு அதே கணக்கிற்கு அதே தொகையை இரண்டாம் தடவை அனுப்பினேன். அதன் தொடர்பு இலக்கம் FT25093R4W8D. அது வெற்றிகரமாகப் போய்ச் சேர்ந்தது, மீதி 18,270.45 ஆனது. ஒரே நாள், ஒரே தொகை, ஒரே பெறுநர் என்பதால், "பணம் கிடைத்துவிட்டது" என்று பெறுநரின் வங்கி தரும் பதில் இந்த இரண்டாவது பரிமாற்றத்திற்கு உரியதாக இருக்கலாம். அதை வைத்து முதலாவதை முடித்துவிட வேண்டாம். அதேபோல், முதலாவதைத் திருப்புவதாக எண்ணி இரண்டாவதைத் திருப்பிவிடவும் வேண்டாம். அப்படி நடந்தால் மகளின் அனுமதி பாதிக்கப்படும். பயிற்சி நிறுவனத்தின் கணக்குப் பிரிவு, ஏப்ரல் 3, 4, 5 ஆகிய மூன்று நாட்களிலும் எனது பெயரில் ஒரேயொரு 36,500.00 மட்டுமே வந்துள்ளதாகவும் அதன் இலக்கம் R4W8D என முடிவதாகவும் எழுத்தில் தந்துள்ளது. அது இணைப்பு 4.

எங்கள் பக்கம் சிக்னல் பலவீனமாக இருந்திருக்கலாம் என்று தொலைபேசியில் பேசிய உத்தியோகத்தர் கூறினார். மலைப்பக்கத்தில் அது உண்மைதான். ஆனால் எனது தொலைபேசியில் சிக்னல் விழுந்திருந்தால் முடிவு எனக்குத் தெரியாமல் போகலாமே தவிர, எனது கணக்கில் கழிக்கப்பட்ட பணம் பெறுநருக்குச் சேராமல் இருக்க அது காரணமாகாது. பணத்தைக் கழித்த பின் கோரிக்கை செல்வது உங்கள் வங்கியிலிருந்து லங்காபே வலையமைப்பின் ஊடாகப் பெறுநரின் வங்கிக்கு. அங்கிருந்து உரிய நேரத்தில் பதில் வராவிட்டால், கழித்ததைத் திருப்பும் செய்தி தானாகவே போக வேண்டும். அது போகவில்லை, அல்லது போயும் பதியப்படவில்லை. அப்படியானால் பணம் உங்கள் வங்கியின் இடைநிலைக் கணக்கிலோ பெறுநரின் வங்கியிலோ தங்கியிருக்க வேண்டும். அன்றைய கணக்கு ஒப்பீட்டில் அது பொருந்தாத பதிவாக நிற்கும்.

ஆகவே நான் கேட்பது:

FT25093K7Q2M பரிமாற்றத்தின் ரூபா 36,500.00 ஐயும் அதற்கு அறவிட்ட 25 ரூபாவையும் 7204 என முடியும் கணக்கிற்கு வரவு வையுங்கள். நடக்காத சேவைக்குக் கட்டணம் எடுப்பது நியாயமில்லை.

பணம் பெறுநருக்கு வரவாகிவிட்டது என்று முடிவெடுப்பதானால், அந்த வரவின் திகதி, நேரம், பெறுநர் வங்கியின் தொடர்பு இலக்கம் மூன்றையும் எழுத்தில் தாருங்கள். அவற்றைப் பயிற்சி நிறுவனத்தின் கூற்றோடு ஒப்பிட வேண்டும்.

ஏப்ரல் 4 காலை 8.50 க்கு வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்துப் பதிந்ததே மேலுள்ள முறைப்பாட்டு இலக்கம். 7 ஆம் திகதி வாய்மொழியாகவும் சொன்னேன். எழுத்தில் இதுவரை எந்தப் பதிலும் இல்லை. புத்தாண்டு விடுமுறையையும் கணக்கில் எடுத்து, ஏப்ரல் 22 செவ்வாய்க்கிழமைக்குள் தமிழில் எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறேன். மகளின் இரண்டாம் தவணை மே 2 இல் கட்ட வேண்டியது. அதற்கென ஒதுக்கிய பணம்தான் இப்போது சிக்கியிருக்கிறது. ஏப்ரல் 22 க்குள் தீர்வு கிடைக்காவிட்டால், இந்தக் கடிதத்தின் பிரதியோடு இலங்கை மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்திடம் முறையிடுவேன்.

என்னைத் தொடர்புகொள்ள வங்கியில் பதிந்துள்ள கைபேசி இலக்கத்தையே பயன்படுத்துங்கள். கடவுச்சொல்லையோ ஒருமுறைக் குறியீட்டையோ யார் அழைத்துக் கேட்டாலும் தரமாட்டேன். இந்தப் பணத்தைத் திருப்ப அவை தேவையும் இல்லை. ஸ்கிரீன்ஷொட்டின் வெட்டப்படாத மூலப் படம் தொலைபேசியில் இருக்கிறது. அச்சில் எழுத்து தெளிவாக இல்லையென்றால் கிளைக்கு வந்து காட்டத் தயார்.

இக்கடிதத்தின் இரண்டாவது பிரதியில் கிளையின் முத்திரையும் பெற்றுக்கொண்ட திகதியும் இட்டுத் தருமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,

செ. விஜயலட்சுமி
(கணக்கு உரிமையாளர்)

இணைப்புகள்:
1. செயலியின் ஸ்கிரீன்ஷொட், 2025.04.03
2. பற்றுக் குறுஞ்செய்தியின் படம்
3. கணக்குக் கூற்று, ஏப்ரல் 1–9
4. பயிற்சி நிறுவனத்தின் கடிதமும் R4W8D என முடியும் கொடுப்பனவிற்கான பற்றுச்சீட்டும்
5. தேசிய அடையாள அட்டையின் பிரதி