பிஎச் மீட்டர், கடத்துதிறன் மீட்டர்: காலை அளவுத்திருத்தம்
(குடிநீர் ஆய்வறை, முதல் மாதிரிக்கு முன்)

கடத்துதிறன் மீட்டரை முதலில் முடித்துவிடுங்கள். பிஎச் மின்முனையிலிருந்து பொட்டாசியம் குளோரைடு கசியும். அது தொட்ட பீக்கரில் கடத்துதிறன் பார்த்தால் அளவு கூடிவிடும். பஃபர் கரைசல் இந்த மீட்டருக்கு ஆகாது. 0.01 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலால் செல்லை இருமுறை அலசி, புதிதாக ஊற்றி அமிழ்த்துங்கள். குமிழி இருந்தால் மெல்லத் தட்டி வெளியேற்றுங்கள். 25 டிகிரியில் 1413 µS/cm என்று திருத்துங்கள். வெப்பநிலை ஒரு டிகிரி மாறினாலே சுமார் 2 சதவீதம் மாறும், அவசரம் வேண்டாம்.

அப்புறம் பிஎச். மின்முனையை வடிநீரில் கழுவி, மென்தாளால் ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் கண்ணாடியில் மின்னூட்டம் ஏறி அளவு தடுமாறும். முதலில் 7.00 பஃபர், எண் நிலைத்ததும் CAL அழுத்துங்கள். பிறகு 4.01, கடைசியாக 10.01. ஒவ்வொன்றுக்கும் இடையே கழுவுங்கள். 10.01 பஃபர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டு பிஎச் இறங்கும். அதைக் கடைசி நேரத்தில் ஊற்றுங்கள், மிச்சத்தைப் புட்டிக்குத் திருப்பி ஊற்றவே வேண்டாம்.

சாய்வு 95 முதல் 105 சதவீதத்துக்குள் இருந்தால் சரி. இல்லையென்றால் மின்முனையைச் சுத்தம் செய்து, புதுப் பஃபரில் மறுபடி செய்யுங்கள். அப்போதும் தேறாவிட்டால் அந்த மீட்டரில் மாதிரி பார்க்காதீர்கள்.

சாய்வு, வெப்பநிலை, பஃபர் தொகுதி எண்ணைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடுங்கள். மின்முனையை 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில் வையுங்கள், வடிநீரில் அல்ல.