கோத்தகிரி தொழிற்சாலை மூடல்: இரு தொழிற்சாலைப் பணியாளர்களுக்கும் திருத்திய அறிவிப்பு

ஜனவரி 20

அன்புள்ள பணியாளர்களுக்கு,

பொங்கலுக்கு முன் வந்த ஏழு பக்க அறிவிப்பைப் படித்துவிட்டுப் பலரும் கேட்டது ஒன்றுதான்: "என் வேலை இருக்கா, இல்லையா?" அதற்கான பதில் இதில் இருக்கிறது. பழைய அறிவிப்பை இனி யாரும் கணக்கில் எடுக்க வேண்டாம்.

கோத்தகிரி தேயிலைத் தொழிற்சாலையை மார்ச் 31 அன்று மூடுகிறோம். அங்கே வேலை செய்யும் 64 பேரில் 41 பேருக்குக் குன்னூர் தொழிற்சாலையில் இடம் உண்டு. 23 பேருக்கு இல்லை. வாட்டும் பகுதியில் 6, சலிப்பு மற்றும் பேக்கிங்கில் 9, பாய்லரில் 3, அலுவலகத்தில் 4, அப்புறம் தொழிற்சாலை மேலாளர் பதவி என மொத்தம் 23 இடங்கள் போகின்றன. அரசுக்குத் தர வேண்டிய 60 நாள் முன்னறிவிப்பை நேற்றே கொடுத்துவிட்டோம்.

காரணம் இலை வரத்து. கோத்தகிரியில் ஒரு நாளைக்கு 18,000 கிலோ பச்சை இலை அரைக்கலாம். போன வருடம் சராசரியாக வந்தது 7,500 கிலோ. குன்னூரில் 24,000 கிலோ அரைக்கலாம். வந்தது 13,000 கிலோ. இரண்டையும் சேர்த்தாலும் குன்னூர் ஒன்றே தாங்கும். இலை பாதி வந்தாலும் டிரையருக்கு விறகும் மின்சாரமும் பாதியாகக் குறைவதில்லை. குன்னூர் ஏலத்தில் நம் தூளை யாரும் வாங்குவதில்லை என்று ஒரு பேச்சு ஓடுகிறது. அது உண்மையில்லை. தூள் விற்கிறது, ஆனால் இரண்டு தொழிற்சாலையை ஓட்டும் செலவுக்கு அந்த விலை கட்டவில்லை. உங்கள் வேலையில் குறை கண்டு எடுத்த முடிவு இல்லை இது. பனிக்காலத்தில் இலை குறைவாக இருக்கும்போதே மாற்றத்தை முடித்தால்தான் ஏப்ரலில் வரத்து கூடும்போது தடுமாற மாட்டோம்.

யார் யார் என்பதை இப்படி முடிவு செய்வோம். விருப்பப்பட்டு விலகுபவர்கள் பிப்ரவரி 10க்குள் எழுதிக் கொடுக்கலாம். அதே பிரிவுகளில் இருக்கும் குன்னூர் பணியாளர்களும் கொடுக்கலாம். அங்கே ஒருவர் விலகினால் கோத்தகிரிப் பணியாளர் ஒருவருக்கு அந்த இடத்தில் வேலை தங்கும். அதற்கு மேலும் குறைக்க வேண்டியிருந்தால், அந்தந்தப் பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில். மேலாளரின் விருப்பு வெறுப்புக்கு இதில் இடமில்லை, அவர் பதவியும் போகிறது. கடிதங்களை பிப்ரவரி 16 முதல் 18 வரை நேரில் கொடுப்போம். நோட்டீஸ் போர்டில் யார் பெயரையும் ஒட்ட மாட்டோம்.

விலகுபவர்களுக்கு, அவர்களாக விலகினாலும் சரி, நாங்கள் அனுப்பினாலும் சரி, ஒரே தொகைதான். சட்டப்படி வருடத்துக்கு 15 நாள் ஊதியம் இழப்பீடு. நாங்கள் 20 நாள் தருகிறோம். ஐந்து வருடம் முடித்தவர்களுக்குப் பணிக்கொடை தனி. அடிப்படை ஊதியமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 15,600 ரூபாய் வாங்குபவர் 12 வருடம் வேலை செய்திருந்தால், 26 நாளால் வகுத்து ஒரு நாளுக்கு 600 ரூபாய். இழப்பீடு 1,44,000, பணிக்கொடை 1,08,000, ஆக 2,52,000 ரூபாய். எடுக்காத விடுப்புக்கான பணமும், இந்த நிதியாண்டின் போனஸும் இதற்கு மேல். எல்லாம் ஏப்ரல் 10க்குள் வங்கிக் கணக்கில் வந்துவிடும். குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள் மே 31 வரை இருக்கலாம். பிள்ளைகளின் பரீட்சை நடுவில் யாரும் சாமான் கட்ட வேண்டாம்.

குன்னூருக்கு மாறும் 41 பேருக்கும் சம்பளமும் பணிக்காலமும் அப்படியே தொடரும். மூன்று ஷிப்டுக்கும் கோத்தகிரியிலிருந்து கம்பெனி வேன் ஓடும், கட்டணம் இல்லை. இரவு ஷிப்ட் முடிந்து வருபவர்களை வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடச் சொல்லியிருக்கிறோம். காட்டெருமை நிற்கும் வழியில் விடிவதற்கு முன் யாரையும் நடக்க விட முடியாது. குன்னூர் ஒத்துவரவில்லை என்று நினைப்பவரும் பிப்ரவரி 10க்குள் அதே தொகையுடன் விலகலாம்.

இலை கொள்முதல் பணியாளர்களுக்கு மாற்றம் எதுவும் இல்லை. கோத்தகிரி பக்கத்து விவசாயிகளிடம் வழக்கம்போல் இலை எடுப்போம், லாரி மட்டும் குன்னூருக்குப் போகும். கேட்பவர்களிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

இன்னும் முடிவாகாதது இரண்டு. கோத்தகிரி கட்டடத்தை விற்பதா, வாடகைக்கு விடுவதா என்பதை ஏப்ரல் 15க்குள் சொல்வோம். குன்னூரிலும் ஆட்குறைப்பு வருமா என்று கேட்கிறீர்கள். செப்டம்பர் 30 வரை வராது. அதற்கு அப்பால் இன்று வாக்குக் கொடுத்தால் அது வெறும் ஆறுதல் பேச்சாகிவிடும், அதனால் கொடுக்கவில்லை. செப்டம்பர் முதல் வாரத்தில் இலை வரத்துக் கணக்கை உங்கள் முன் வைத்துப் பேசுவோம். வேலை திரும்பக் கூடினால், இப்போது விலக்கப்படுபவர்களைத்தான் முதலில் கூப்பிடுவோம்.

ஜனவரி 23 மாலை 3 மணிக்குக் கோத்தகிரி கேன்டீனில் நானும் கணக்கு அலுவலரும் இருப்போம். தொழிற்சங்கப் பிரதிநிதிகளையும் அழைத்திருக்கிறோம். பொதுவில் கேட்கத் தயங்குபவர்கள் மறுநாள் காலை 10 மணியிலிருந்து மேலாளர் அறையில் தனியாக வந்து பார்க்கலாம். சம்பளச் சீட்டைக் கையோடு கொண்டுவந்தால் உங்கள் தொகையை அங்கேயே கணக்குப் போட்டு எழுதித் தருவார்கள். அந்த இரண்டு நாளும் வந்து போகும் நேரத்துக்குச் சம்பளம் பிடிக்க மாட்டோம்.

நிர்வாக இயக்குநர்
தலைமை அலுவலகம், குன்னூர்