மந்தநிலையில் அரசா, சந்தையா? அமெரிக்காவின் 1921, 1933, 1937

பொருளாதார மந்தநிலை வந்தால் அரசு கடன் வாங்கியாவது செலவழிக்க வேண்டுமா, சந்தை தானே சரிசெய்துகொள்ளும் என்று ஒதுங்கி நிற்க வேண்டுமா? இரு தரப்பினரும் அமெரிக்க வரலாற்றிலிருந்தே சாட்சி கொண்டுவருகிறார்கள். சந்தையை நம்புகிறவர்கள் 1920-21ஐக் காட்டுவார்கள். அரசுச் செலவை ஆதரிப்பவர்கள் 1929-33ஐயும் 1937ஐயும் காட்டுவார்கள். இந்தச் சாட்சிகளில் எதுவும் சுத்தமானதல்ல. ஆனாலும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது: சந்தை தானாக மீளுமா என்பது, மந்தம் எதனால் வந்தது, மக்கள் தலையில் எவ்வளவு கடன் இருக்கிறது என்பவற்றைப் பொறுத்தது.

முதலில் சந்தைத் தரப்பின் வாதம். பொருள் விற்கவில்லையா, விலை இறங்கும். வேலை கிடைக்கவில்லையா, கூலி இறங்கும். இரண்டும் போதுமான அளவு இறங்கியதும் வாங்குபவர்களும் வேலைக்கு ஆள் எடுப்பவர்களும் திரும்பி வருவார்கள். பொருளியலாளர் ஹேயக் இதற்கு மேலும் ஒரு படி போனார். நல்ல காலத்தில் மலிவு வட்டியில் கிடைத்த கடன், நிலைக்க முடியாத தொழில்களில் முதலீடாகப் போய்விடுகிறது. அந்தத் தவறுகள் கழியும் காலம்தான் மந்தம். அரசு பணத்தைக் கொட்டினால், மூட வேண்டிய ஆலைகள் மூடாமல் ஆளையும் மூலதனத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும் என்றார்.

அரசுச் செலவை ஆதரித்த பிரிட்டிஷ் பொருளியலாளர் கீன்ஸின் பதில் எளிமையானது. ஒருவரின் செலவுதான் இன்னொருவரின் வருமானம். ஒரு முதலாளி மட்டும் கூலியைக் குறைத்தால் அவருக்கு லாபம். எல்லா முதலாளிகளும் குறைத்தால் கடைக்கு வருகிறவர் யார்? வாங்க ஆள் இல்லாதபோது முதலீடு செய்யாமல் இருப்பது தனித்தனியாகப் பார்த்தால் புத்திசாலித்தனம், கூட்டாகப் பார்த்தால் கேடு. அந்த இடைவெளியை அரசு நிரப்ப வேண்டும். அரசு 100 ரூபாய் செலவழிக்கிறது, பெறுகிறவர் அதில் 60 ரூபாயைச் செலவழிக்கிறார், அடுத்தவர் 36 ரூபாயை என்று போனால் கடைசியில் மொத்த வருமானம் 250 ரூபாய் கூடும். பாடநூல் கணக்கு இது. நடைமுறையில் வரி, இறக்குமதி, பழைய கடனை அடைப்பது என்று வழியிலேயே பணம் ஒழுகிவிடும். அதனால் பெருக்கம் இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

இந்த இரு தரப்பும் நேருக்கு நேர் மோதியது 1932 அக்டோபரில். கீன்ஸும் சக பொருளியலாளர் பிகூவும் மற்றும் சிலரும், இப்போது சிக்கனம் பிடிப்பது நாட்டுக்கு நல்லதல்ல என்று லண்டன் டைம்ஸ் நாளிதழுக்கு எழுதினார்கள். இரண்டே நாளில் ஹேயக், ராபின்ஸ் உள்ளிட்ட நால்வர் மறுத்து எழுதினார்கள். அரசு கடன் வாங்கிச் செலவழிப்பதை விட்டு வணிகத் தடைகளை நீக்கட்டும் என்பது அவர்கள் கோரிக்கை.

இனி சாட்சிகளுக்கு வருவோம். முதல் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவில் விலைவாசி ஏறியது. நாட்டின் மத்திய வங்கியான பெடரல் ரிசர்வ் வட்டியை உயர்த்தியது. 1920இல் நியூயார்க்கில் அது 7 சதவீதம். மொத்த விற்பனை விலைகள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தன, வேலையின்மை பெருகியது. கூட்டரசின் செலவு 1920இல் சுமார் 640 கோடி டாலராக இருந்து 1922இல் சுமார் 330 கோடியாகக் குறைந்தது. ஆனாலும் 1921 நடுவில் மீட்சி தொடங்கிவிட்டது. அரசு கையைக் கட்டிக்கொண்டிருந்ததால்தான் மீண்டது என்பார்கள். இதில் பாதிதான் உண்மை. செலவு குறைந்ததற்குப் பெரிய காரணம் போர் முடிந்தது. அப்புறம், மந்தத்தைக் கொண்டுவந்த மத்திய வங்கியே 1921இல் வட்டியைப் படிப்படியாக இறக்கவும் செய்தது. அதோடு நகரங்கள் மீண்டன என்பதுதான் சரி. பயிர் விலை விழுந்ததில் அடிபட்ட விவசாயிகள் அந்தப் பத்தாண்டு முழுவதும் கடனில்தான் கிடந்தார்கள்.

1929இல் தொடங்கிய பெருமந்தத்திலும் விலை விழுந்தது, கூலியும் மெல்ல மெல்ல இறங்கியது. ஆனால் மீட்சி வரவில்லை. 1933க்குள் உற்பத்தி கால் பங்குக்கு மேல் குறைந்தது, நான்கு தொழிலாளர்களில் ஒருவருக்கு வேலை இல்லை. ஏன் என்பதை அமெரிக்கப் பொருளியலாளர் இர்விங் ஃபிஷர் 1933இல் விளக்கினார். கோதுமை புஷல் என்ற தானிய அளவுக்கு ஏறக்குறைய ஒரு டாலர் விற்றபோது 1,000 டாலர் கடன் வாங்கிய விவசாயி, 1,000 புஷல் விற்று அதை அடைத்திருக்கலாம். 1932இல் விலை 40 சென்ட்டுக்கும் கீழே போனது. அதே கடனுக்கு இப்போது 2,500 புஷலுக்கு மேல் வேண்டும். எல்லாரும் கடனை அடைக்க அவசரமாக விற்கிறார்கள், விலை மேலும் விழுகிறது, மிச்சக் கடனின் சுமை கூடுகிறது. சந்தைத் தரப்பு மருந்து என்று சொன்ன விலைச் சரிவே இங்கே நோயை வளர்த்தது. ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடின.

இந்த நான்கு ஆண்டுகளைத் தடையற்ற சந்தையின் தோல்வி என்று எழுதிவிடுவதும் சரியல்ல. கூலியைக் குறைக்க வேண்டாம் என்று முதலாளிகளைக் கேட்டுக்கொண்டவர் குடியரசுத் தலைவர் ஹூவர். 1930இல் இறக்குமதி வரியை உயர்த்தும் சட்டத்தில் கையெழுத்திட்டவரும் அவர்தான். 1932இல் வருமான வரியின் உச்ச விகிதம் 25 சதவீதத்திலிருந்து 63 சதவீதமானது. இதைக் கீன்ஸும் ஏற்கமாட்டார், ஹேயக்கும் ஏற்கமாட்டார். இன்னொரு பக்கம், பொருளியலாளர்கள் ஃப்ரீட்மனும் ஷ்வார்ட்ஸும் 1963இல் காட்டியபடி, பணத்தின் அளவு மூன்றில் ஒரு பங்கு சுருங்கியதைப் பெடரல் ரிசர்வ் தடுக்கவில்லை. சந்தைக்கு ஆதரவான வாதமாகவே இது மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் மத்திய வங்கி தலையிட்டிருக்க வேண்டும் என்பதுதானே இதன் பொருள்? மத்திய வங்கி அரசு உருவாக்கிய அமைப்பு.

1937 இன்னும் கூர்மையான சாட்சி. ஹூவருக்குப் பின் குடியரசுத் தலைவரான ரூஸ்வெல்ட்டின் முதல் நான்கு ஆண்டுகளில் உற்பத்தி வேகமாக ஏறியது. போதும், பட்ஜெட்டைச் சமன் செய்யலாம் என்று அரசு முடிவெடுத்தது. வேலைத் திட்டங்களைக் குறைத்தது, சமூகப் பாதுகாப்பு வரியை வசூலிக்கத் தொடங்கியது. தொழில் உற்பத்தி ஓராண்டுக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. 1938 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் மீண்டும் செலவுக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கேட்டார். அந்தக் கோடையில் மீட்சி தொடங்கியது. இதே காலத்தில் வங்கிகள் வைக்க வேண்டிய கையிருப்பு அளவைப் பெடரல் ரிசர்வ் இரட்டிப்பாக்கியிருந்ததால், பழி முழுவதையும் பட்ஜெட் மேல் போட முடியாது. இருந்தாலும், பலவீனமான மீட்சியிலிருந்து அரசு சட்டென விலகினால் தனியார் அந்த இடத்தை உடனே நிரப்பிவிடுவார்கள் என்ற நம்பிக்கைக்கு இது பெரிய அடி.

ஆகவே கடன் சுமை கனத்து, வட்டி ஏற்கெனவே அடிமட்டத்தில் இருக்கும் மந்தத்தில் அரசுச் செலவின் பக்கமே நான் நிற்பேன். பணம் யார் வழியாகப் போகிறது என்ற கேள்வியில் மட்டும் ஹேயக் தரப்பின் சந்தேகத்துக்குச் செவிசாய்க்க வேண்டியிருக்கிறது. 1933இன் வேளாண் சட்டம் பருத்திப் பரப்பைக் குறைப்பவர்களுக்கு இழப்பீடு தந்தது. தென்மாநிலங்களில் அதைப் பெரும்பாலும் நில உடைமையாளர்கள் வாங்கிக்கொண்டார்கள். விளைச்சலில் பங்கு தருவதாக, அதாவது வாரத்துக்கு, அவர்கள் நிலத்தை உழுத கறுப்பின, வெள்ளைக் குடும்பங்கள் பல வெளியேற்றப்பட்டன. 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் பண்ணைத் தொழிலாளர்களையும் வீட்டு வேலை செய்பவர்களையும் சேர்க்கவில்லை. மொத்தத் தேவையைக் கணக்கிடும் சூத்திரத்தில் இவர்கள் வரமாட்டார்கள். வேலைத் திட்டத்தில் நேராகக் கூலியாகப் போன டாலரும், நிலக்காரர் கைக்குப் போன டாலரும் பட்ஜெட்டில் ஒரே டாலர்தான். ஆர்கன்சாஸில் 1934இல் வாரக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கியதற்கு இந்த வேறுபாடுதான் காரணம்.