காற்று எழும்போது அறுபடும் ஃபைபர் இணைப்பு: புகார்க் கடிதம்

வேதாளை,
18.07.2025

அனுப்புநர்
மு. செல்வராணி,
இ-சேவை மையம்,
வேதாளை, மண்டபம் வழி,
ராமநாதபுரம் மாவட்டம்.
வாடிக்கையாளர் எண்: 40718826

பெறுநர்
கிளை மேலாளர் அவர்கள்,
ஃபைபர் இணைப்புப் பராமரிப்புப் பிரிவு,
ராமநாதபுரம்.

பொருள்: மதிய நேரத்தில் விட்டுவிட்டு இணைப்பு அறுபடுவது – கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கேபிளை மாற்றித் தரக் கோருவது – தொடர்பாக.

பார்வை: எனது முந்தைய புகார்கள், எண் 70925514 மற்றும் 70931187. இரண்டும் ‘சரிசெய்யப்பட்டது’ என்று முடித்துவைக்கப்பட்டுள்ளன.

ஐயா,

வணக்கம். எங்கள் மையத்தின் இணைப்பு கச்சான் காற்று தொடங்கியதிலிருந்து பிற்பகலில் அறுந்து அறுந்து வருகிறது. காலையிலும் இரவிலும் ஒரு குறையும் இல்லை. உங்கள் பணியாளர் இதுவரை வந்ததெல்லாம் காலையில்தான். அந்த நேரத்தில் எல்லா விளக்கும் பச்சையாக இருக்கும், வேகமும் முழுதாக வரும். அதைப் பார்த்துவிட்டுப் புகாரை முடித்துவிடுகிறார்கள். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை, அவர் வந்த நேரத்தில் பழுது கண்ணில் படவில்லை. பழுது எப்போது, எந்த இடத்தில் இருக்கிறது என்று நான் கண்டதை இக்கடிதத்தில் முழுமையாக எழுதுகிறேன். தயவுசெய்து கடைசிவரை படித்துவிட்டு ஆள் அனுப்புங்கள்.

முதலில் ரூட்டர் விளக்குகள். இணைப்பு நன்றாக இருக்கும்போது பவர் விளக்கு பச்சை, பான் விளக்கு அசையாத பச்சை, இன்டர்நெட் விளக்கு பச்சையில் மினுக்கும், எல்ஓஎஸ் விளக்கு அணைந்திருக்கும். அறுபடும்போது முதலில் எல்ஓஎஸ் சிவப்பாக மினுக்கத் தொடங்குகிறது. அடுத்த நொடிகளில் பான் அணைகிறது, கூடவே இன்டர்நெட்டும் அணைகிறது. பவரும் வைஃபையும் மட்டும் பச்சையாகவே இருக்கின்றன. அதனால் போனில் வைஃபை முழுக் கோடு காட்டும், ஆனால் எந்தப் பக்கமும் திறக்காது. உங்கள் உதவி மையத்தில் பேசியவர் ‘வைஃபை வருகிறதா?’ என்று கேட்டார். வருகிறது என்றதும், கோளாறு எங்கள் கணினியில் இருக்கும் என்றார். எல்ஓஎஸ் சிவப்பு என்றால் வெளியிலிருந்து வரவேண்டிய ஒளி ரூட்டருக்கு வந்து சேரவில்லை என்று பொருள். எங்கள் கணினிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

திரும்பி வரும்போது வேறு வரிசை. எல்ஓஎஸ் அணையும், பான் பச்சையில் மினுக்கி நிலைக்கும், ஆனால் இன்டர்நெட் விளக்கு சிறிது நேரம் சிவப்பாகவே நிற்கும். பிறகுதான் பச்சைக்கு வரும். இந்த இடைவேளையில் ஒளி வந்துவிட்டது, பயனர் பெயர், கடவுச்சொல் சரிபார்ப்பு முடியவில்லை என்று புரிந்துகொள்கிறேன். இது தனிக் கோளாறு அல்ல, ஒவ்வொரு முறை அறுபட்ட பிறகும் வரும் பின்விளைவு. முதல் பழுதை நீக்கினால் இதுவும் போய்விடும்.

இனி நேரங்கள். இந்த வாரம் கடையில் இருந்தபடியே குறித்து வைத்தவை இவை. 14ஆம் தேதி திங்கட்கிழமை பகல் 1.40 முதல் 1.52 வரை, 2.25 முதல் 2.31 வரை, 3.10 முதல் 3.48 வரை இணைப்பு இல்லை. செவ்வாய்க்கிழமை காற்று முன்னதாகவே எழுந்தது. 12.55க்கு முதல் தடவை போனது, 2.15 முதல் 3.20 வரை வருவதும் போவதுமாகவே இருந்தது. புதன்கிழமை காற்று மட்டு. அன்று 3.35க்கு ஒரே ஒரு முறை, நான்கு நிமிடம் மட்டும். நேற்று வியாழக்கிழமைதான் மிக மோசம்: 1.15 முதல் 4.30 வரை சேர்ந்தாற்போல் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. காற்று தணிந்த பிறகு, 4.50க்கு மேல், இரவு முழுக்க ஒரு தடவையும் போகவில்லை. செவ்வாய் இரவு 9.10க்கு நின்றது மின்தடையால். அன்று அக்கம்பக்கத்து இணைப்புகளும் நின்றன. அதை இந்தப் புகாரில் சேர்க்கவில்லை.

புதன்கிழமையைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். வெயில், பயன்படுத்துவோர் எண்ணிக்கை, கணினிகள் எல்லாம் மற்ற நாள் போலவே இருந்தன. குறைந்தது காற்று மட்டும்தான்.

எங்கள் பக்கம் செய்து பார்த்தவற்றையும் சொல்லிவிடுகிறேன், மறுபடி அதையே செய்யச் சொல்லி நேரம் போக வேண்டாம். ரூட்டரை அணைத்து, சில நிமிடம் விட்டுப் போட்டோம். அதே 12 வோல்ட் அளவில் வேறு அடாப்டர் மாற்றினோம். இன்வெர்ட்டரில் இருந்து பிரித்து நேர் மின்சாரத்தில் போட்டோம். வைஃபையை விட்டுவிட்டு லேன் கேபிளில் ஒரே ஒரு மடிக்கணினியை மட்டும் இணைத்துப் பார்த்தோம். ஒன்றிலும் மாற்றமில்லை. சுவர் ஓரம் வரும் மஞ்சள் ஃபைபர் வயர் மேசைக்குப் பின்னால் நெருக்கி மடங்காதபடி பெரிய வளையமாகத் தளர்த்தி வைத்தோம். அதன் முனையைக் கழற்றவில்லை. தூசி படிந்தால் இருக்கிற ஒளியும் குறையும், உள்ளே பார்ப்பது கண்ணுக்கும் கேடு. ஊசியால் ரீசெட் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள், அதையும் செய்யவில்லை. நீங்கள் பதிந்து கொடுத்த அமைப்புகள் அழிந்துவிடும். பிறகு உங்கள் ஆள் வரும்வரை காலை நேர இணைப்பும் கிடைக்காது.

அறுபடும் நேரத்தில் இரண்டு திரையில் இதை ஓடவிட்டேன்:

```
ping -t 192.168.1.1
ping -t 8.8.8.8
```

முதலாவதற்கு ஒரு பதில்கூடத் தவறவில்லை. இரண்டாவதில் எல்ஓஎஸ் சிவந்த அதே நேரம் Request timed out வரிசையாக வந்தது. கணினியிலிருந்து ரூட்டர் வரை எங்கள் உள்வழி நன்றாக இருக்கிறது என்பதற்கு இது போதும்.

ரூட்டரின் பக்கத்தில் Rx Optical Power என்று காட்டும் அளவையும் எழுதி வைத்தேன். நேற்றுக் காலை 7 மணிக்கு -22.1 dBm, அசையாமல் நின்றது. பகல் 1 மணிக்குப் பக்கத்தைப் புதுப்பிக்கப் புதுப்பிக்க -24க்கும் -26க்கும் இடையில் ஏறி இறங்கியது. 1.12க்கு -26.9. மூன்று நிமிடத்தில் சிவப்பு விளக்கு. காலைக்கும் மதியத்துக்கும் 4.8 டெசிபல் வித்தியாசம். அதாவது, காலையில் வந்த ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மதியம் வந்து சேர்கிறது. வழக்கமான பி பிளஸ் வகை ஜிபான் கருவிகளின் ஏற்புத்திறன் -27 வரைதான் என்பது உங்களுக்குத் தெரியும். ரூட்டர் கெட்டுப்போயிருந்தால் இந்த அளவு காற்றைப் பார்த்து ஏறி இறங்காது.

எங்களுக்கு இரண்டு கட்டிடம் தள்ளி மருந்துக்கடை. அவர்களுக்கும் இணைப்பு அதே மின்கம்பத்தில் உள்ள அதே பெட்டியிலிருந்துதான் போகிறது. நேற்று எங்களுக்குச் சிவப்பு எரிந்தபோதெல்லாம் ஓடிப்போய்ப் பார்த்தேன், அவர்களுக்குப் பச்சை. ஆகவே ராமநாதபுரத்திலிருந்து அந்தப் பெட்டி வரை வரும் வழி சரியாகத்தான் இருக்க வேண்டும். பழுது அந்தப் பெட்டியில் எங்களுக்கான முனையில் இருக்கலாம், அல்லது அங்கிருந்து எங்கள் மாடி வரை வரும் கறுப்பு டிராப் கேபிளில் இருக்கலாம். நான் கேபிள் என்றே நினைக்கிறேன்.

காரணம், மாடியில் நின்று பார்த்தாலே தெரிகிறது. கேபிள் சாலையைத் தாண்டி வரும் வழியில் ஒரு பனைமரம் நிற்கிறது. கேபிளோடு ஓடும் இழுகம்பி உப்புக்காற்றில் துருவேறித் தளர்ந்து, கேபிள் தாழ்ந்து தொங்குகிறது. தெற்கிலிருந்து காற்று தள்ளும்போது அது பனைமட்டையின் கருக்கில் போய் உராய்கிறது. உராயும் இடத்தில் மேலுறை வெளுத்து, ஒரு முழ நீளத்துக்கு ரம்பம் இழுத்தது போலக் கீறல் விழுந்திருக்கிறது. அதைவிட முக்கியம், எங்கள் சுவரில் கேபிளைப் பிடித்திருக்கும் கிளாம்ப். தொய்வு காரணமாகக் கேபிள் அந்த இடத்தில் தூண்டில் முள் மாதிரி மடிந்து, ஒவ்வொரு வீச்சுக்கும் மேலும் மடிந்து விரிகிறது. ஃபைபர் கூர்மையாக மடங்கினால் ஒளி கசியும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. போனில் எடுத்த படங்களையும், கேபிள் ஆடும்போது விளக்கு மாறும் ஒரு சிறு வீடியோவையும் உங்கள் மின்னஞ்சலுக்கு இன்றே அனுப்பியிருக்கிறேன்.

எங்களுக்கு ஏன் இது அவசரம் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் மையத்துக்கு வருகிறவர்களில் பாசி வேலைக்குப் போகும் பெண்கள் அதிகம். அவர்கள் கடலிலிருந்து ஏறி, குளித்துச் சாப்பிட்டு வருவதே மதியம் ஒரு மணிக்கு மேல்தான். இப்போது கல்லூரிச் சேர்க்கைக் காலம். முதல் பட்டதாரி சான்று, வருமானச் சான்று, சாதிச் சான்று என்று பிள்ளைகளுக்காக ஓடி வருகிறார்கள். நேற்று ஒரு அக்கா மகளின் வருமானச் சான்றுக்காக உட்கார்ந்திருந்தார். ஆவணங்கள் எல்லாம் ஏற்றி, கட்டணம் பிடித்தமான அந்த நொடியில் சிவப்பு விளக்கு வந்தது. பணம் போய்விட்டது, ஒப்புகைச் சீட்டு வரவில்லை. நாலரை மணிவரை ஈரத்தலை காயாமல் காத்திருந்தார். வயதானவர்களுக்குக் கைரேகை பதிவதே பெரும்பாடு. தேய்ந்த விரலைத் துடைத்துத் துடைத்து வைத்து, ஒருவழியாகப் பதியும்போது இணைப்பு போனால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆகவே நான் கேட்பது இவை. பணியாளரைப் பகல் ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில், பவர் மீட்டருடன் அனுப்புங்கள். கம்பத்துப் பெட்டியில் எங்கள் முனையில் ஒரு அளவு, வீட்டுக்குள் ரூட்டர் முனையில் ஒரு அளவு, இரண்டையும் காற்று வீசும்போதே எடுக்கச் சொல்லுங்கள். பெட்டியில் அளவு நிலையாக இருந்து வீட்டில் மட்டும் ஆடினால், டிராப் கேபிளை முழுதாக மாற்றுங்கள். நடுவில் வெட்டி ஒட்டுப் போட வேண்டாம், இந்த உப்புக்காற்றில் ஒட்டு நிற்காது. புதுக் கேபிள் பனைமரத்தைத் தொடாதபடி கிழக்குப் பக்கக் கம்பம் வழியாக வரட்டும். அந்தப் பக்கம் எங்கள் சுவரில் கொக்கி அடித்துக்கொள்ள அனுமதி தருகிறேன். பெட்டியின் மூடி கட்டுக்கம்பியில் தொங்குகிறது, அதையும் பூட்டிவிட்டால் மருந்துக்கடைக்கும் நல்லது. ரூட்டரை மட்டும் மாற்றிவிட்டுப் போகும் தீர்வு எனக்கு வேண்டாம்.

வேலை முடிந்ததும் புகாரை உடனே மூடாமல், காற்றுள்ள ஒரு முழுப் பிற்பகல் கடந்த பின் எனக்கு ஒரு போன் செய்து கேட்டுவிட்டு மூடுங்கள். இணைப்பு இல்லாத நேரத்துக்கான வாடகையை அடுத்த பில்லில் கழித்துத் தர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்துக்குப் புதிய புகார் எண் கொடுத்து, வரும் 23ஆம் தேதிக்குள் ஆள் வரும் நாளையும் நேரத்தையும் தெரிவியுங்கள். அதற்குள் பதில் இல்லையென்றால், டிராயின் 2012ஆம் ஆண்டு நுகர்வோர் குறைதீர்ப்பு விதிமுறைகளில் உள்ளபடி உங்கள் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு இதே விவரங்களுடன் எழுதுவேன். அந்த அளவுக்குப் போகாமல் நீங்களே முடித்துத் தருவீர்கள் என்று நம்புகிறேன்.

மையம் காலை 9 முதல் மாலை 6 வரை திறந்திருக்கும், ஞாயிறு விடுமுறை. மாடிக்கு ஏற ஏணி எங்களிடம் இருக்கிறது. பதிவு செய்த கைபேசி எண்ணிலேயே என்னை அழைக்கலாம்.

இப்படிக்கு,
மு. செல்வராணி

இணைப்பு: கேபிள், கிளாம்ப், பெட்டி மூடி ஆகியவற்றின் படங்கள், ஜூலை 14 முதல் 17 வரையிலான நேரக் குறிப்பின் நகல், ஒளி அளவு காட்டும் ரூட்டர் பக்கத்தின் படங்கள் காலையும் மதியமும் எடுத்தவை.