இளநிலை பைத்தான் டெவலப்பர் பணிக்கு விண்ணப்பம்: 9 ஆண்டு இடைவெளிக்குப் பின்

மதிப்பிற்குரிய பணியமர்த்தல் குழுவினருக்கு,

வணக்கம். என் பெயர் கவிதா. உங்கள் கணக்கு மென்பொருள் அணியில் இளநிலை பைத்தான் டெவலப்பர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். விளம்பரத்தில் "கணக்கியல் தெரிந்தவராக இருந்தால் நல்லது" என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். 6 ஆண்டுகள் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். அப்புறம் 9 ஆண்டுகள் வீட்டில் இருந்தேன். அதில் கடைசி மூன்றரை ஆண்டுகளாக நிரலாக்கத்தை நானே கற்றுவருகிறேன். சுயவிவரத்தில் இந்த 9 ஆண்டுகளும் ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன. அந்த வரிக்குள் இருப்பதைச் சொல்வதற்காகவே இந்தக் கடிதம்.

வேலையை விட்டதற்குக் காரணம் எளிமையானது. மகள் பிறந்தாள். அவளுக்கு இரண்டு வயது ஆனபோது மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. அவரை எழுப்பி உட்கார வைப்பது, மாத்திரை நேரம், உடற்பயிற்சி, மருத்துவமனை நடை என்று சில ஆண்டுகள் ஓடின. அவர் இப்போது கைத்தடி பிடித்துத் தானாக நடக்கிறார், மகள் பள்ளிக்குப் போகிறாள். இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. அந்த நாட்களை நான் வீணான காலமாக நினைக்கவில்லை, நீங்களும் அப்படி நினைக்க வேண்டியதில்லை.

நிரலாக்கம் என் கைக்கு வந்தது எங்கள் குடியிருப்போர் சங்கக் கணக்கு வழியாக. மொத்தம் 64 வீடுகள். பராமரிப்புத் தொகை வசூல், லிஃப்ட் பழுது, காவலாளி சம்பளம் எல்லாம் ஒரே எக்செல் கோப்பில் இருந்தன. கணக்கு தெரிந்தவள் என்பதால் அதை என்னிடம் கொடுத்தார்கள். கோப்பைத் திறந்து பார்த்தால் மூன்று பேர் மூன்று பிரதிகளில் எழுதியிருந்தார்கள், எது கடைசிப் பிரதி என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு மாதம் போராடிச் சரிசெய்தேன். அடுத்த மாதம் அதே குழப்பம் திரும்பி வந்தது. கோப்பைத் திருத்திக்கொண்டே இருப்பதில் பயனில்லை, வேறு வழி வேண்டும் என்று அன்றுதான் முடிவெடுத்தேன்.

முதலில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் சிஎஸ்50 பாடத்தை எடுத்தேன். அது ஸ்கிராட்ச்சில் தொடங்கி, சி மொழி, பிறகு பைத்தான், எஸ்கியூஎல் என்று போகிறது. வாரக்கணக்கில் சுட்டிகளோடும் நினைவகத்தோடும் மல்லுக்கட்டினேன். அகராதியில் சொற்களைத் தேடிப் பிழை சரிபார்க்கும் பயிற்சி ஒன்று அதில் உண்டு. என் நிரல் சரியான விடையைத் தந்தது, ஆனால் எடுத்த நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. `valgrind` காட்டிய அந்த ஒரு வரியைப் போக்க மூன்று இரவுகள் ஆயின. விடை சரியாக இருக்கும்போதே நிரல் தவறாக இருக்கலாம் என்பதை அங்கேதான் புரிந்துகொண்டேன். பைத்தானுக்கு வந்த பிறகும் அந்தச் சந்தேகத்தை நான் விடவில்லை.

அப்புறம் ஜாங்கோவின் அதிகாரபூர்வப் பயிற்சியை முடித்துவிட்டு, சங்கக் கணக்கை ஒரு வலைச் செயலியாக எழுதத் தொடங்கினேன். இன்று 64 வீடுகளும் அதில்தான் ரசீது பார்க்கின்றன. இரண்டு ஆண்டுகளாக ஓடுகிறது. ஜாங்கோ, போஸ்ட்கிரெஸ், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட், சோதனைகளுக்கு பைடெஸ்ட், பதிப்புகளுக்கு கிட். அதை எழுதிய விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நான் எப்படி வேலை பார்ப்பேன் என்பது அதில்தான் தெரியும்.

தொடக்கத்திலேயே சங்கத்தில் ஒரு கோரிக்கை வந்தது: தப்பாகப் போட்ட பதிவை அழிக்க ஒரு பொத்தான் வேண்டும். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கணக்கில் எதையும் அழிக்கக் கூடாது. தவறு நடந்தால் எதிர்ப்பதிவு போட்டு நேர் செய்ய வேண்டும், பழைய பதிவு அப்படியே இருக்க வேண்டும். அலுவலகத்தில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம் இது. அதனால் "ரத்து" என்று ஒரு பொத்தான் வைத்தேன். அதை அழுத்தினால் அதே தொகைக்கு எதிர்ப்பதிவு ஒன்று உருவாகும், காரணத்தை எழுதாமல் சேமிக்க முடியாது. வீட்டின் நிலுவையை எங்கும் தனியாக எழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் பதிவுகளைக் கூட்டித்தான் காட்டுகிறேன். ஆறு மாதம் கழித்து ஒரு வீட்டுக்காரர், தான் கட்டிய பணம் வரவில்லை என்று வந்து நின்றார். தவறான வீட்டு எண்ணில் வரவு வைத்தது, பிறகு ரத்து செய்தது, எந்தத் தேதியில் யார் செய்தார்கள் என்பதெல்லாம் திரையில் இருந்தது. ஐந்து நிமிடத்தில் பிரச்சினை முடிந்தது.

இன்னொரு பிழை என்னை அதிகம் அலைக்கழித்தது. பொருளாளர் சேமி பொத்தானை அழுத்தினார், இணையம் மெதுவாக இருந்ததால் மறுபடியும் அழுத்தினார். ஒரே பணத்துக்கு இரண்டு ரசீது. முதலில் ஜாவாஸ்கிரிப்ட்டில் பொத்தானை முடக்கி வைத்தேன். அது போதவில்லை, பக்கத்தைப் புதுப்பித்தாலும் அதே படிவம் மறுபடி போகிறது. சேமித்தவுடன் வேறு பக்கத்துக்குத் திருப்பி அனுப்பினேன். அதுவும் முழுத் தீர்வு இல்லை. கடைசியில் ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு தனி அடையாளத்தைக் கொடுத்து, அதே அடையாளத்தோடு இரண்டாவது பதிவு வந்தால் தரவுத்தளமே மறுக்கும்படி `UniqueConstraint` வைத்தேன். பணத்தைக் காக்கும் விதியைத் திரையை நம்பி விட்டுவைக்கக் கூடாது. அது தரவுத்தளத்தில்தான் இருக்க வேண்டும் என்பது இன்று என் உறுதியான கருத்து.

தமிழில் பெயர்கள் சேர்க்கத் தொடங்கியதும் புதிதாக ஒன்று வந்தது. பெயர் பட்டியலில் கண்ணுக்குத் தெரிகிறது, தேடினால் கிடைக்கவில்லை. எழுத்து எழுத்தாக உடைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. "கொ" என்பதை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக வைக்கலாம், தனித்தனி இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது.

```python
import unicodedata

a = "\u0b95\u0bca"         # கொ
b = "\u0b95\u0bc6\u0bbe"   # கொ
print(a == b)                                # False
print(unicodedata.normalize("NFC", b) == a)  # True
```

சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டு பக்கமும் இப்படி ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தேன், தேடல் சரியானது. அதே வாரத்தில் ரசீதில் நீளமான பெயர்களை வெட்டும் இடத்தையும் திருத்தினேன். பைத்தானில் `len("தமிழ்")` கேட்டால் 5 என்று வரும், நாம் எண்ணினால் 3 எழுத்து. எண்ணிக்கை பார்த்து வெட்டினால் கடைசி எழுத்தின் புள்ளி காணாமல் போகும். ஒருவரின் பெயரை அரைகுறையாக அச்சடித்துக் கொடுப்பது எனக்குச் சின்னத் தவறாகத் தோன்றவில்லை. இப்போது `regex` தொகுப்பின் `\X` கொண்டு முழு எழுத்துகளாகப் பிரித்த பிறகே வெட்டுகிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொகைகள் எல்லாம் `Decimal` வகையில் இருக்கின்றன. `float` வைத்துச் செலவைப் பங்கிட்டபோது கூட்டுத்தொகை தசமத்தில் பிசகியதைப் பார்த்த அன்றே மாற்றிவிட்டேன். வீடுகளின் பட்டியல் பக்கம் மெதுவாகத் திறந்தது. பார்த்தால் அது தரவுத்தளத்தை 65 முறை கேட்டுக்கொண்டிருந்தது, பட்டியலுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று. `annotate` கொண்டு ஒரே கேள்வியாக மாற்றினேன். நான் திருத்திய ஒவ்வொரு பிழைக்கும் ஒரு சோதனை எழுதி வைத்திருக்கிறேன், இப்போது 84 சோதனைகள் ஓடுகின்றன.

எனக்குத் தெரியாததையும் சொல்லிவிடுகிறேன். பல பேர் சேர்ந்து எழுதும் பெரிய நிரல் தொகுப்பில் நான் வேலை பார்த்ததில்லை. என் நிரலை அனுபவசாலி ஒருவர் உட்கார்ந்து விமர்சித்தது இதுவரை நடக்கவில்லை. அதுதான் எனக்கு இப்போது மிகவும் தேவைப்படுகிறது, வேலை தேடுவதற்குச் சம்பளத்துக்கு அடுத்த காரணமும் அதுவே. ரியாக்ட் படித்திருக்கிறேன், அதில் இரண்டு சின்னப் பக்கங்கள் மட்டுமே செய்திருக்கிறேன். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்தும் அமைப்பைக் கையாண்டதில்லை. கணினி அறிவியலில் பட்டம் இல்லை, என் பட்டம் வணிகவியல்.

இருப்பது என்னவென்றால், கணக்கு எழுதுபவர் மாதக் கடைசியில் என்ன பாடுபடுவார் என்பது எனக்குத் தெரியும். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். வங்கி அறிக்கையும் பேரேடும் ஒத்துப்போகாமல் இரவு வரை தேடியிருக்கிறேன். இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் 9-ஆல் வகுபடும் என்பதை வைத்துப் பிழையைப் பிடித்த நாட்கள் உண்டு. உங்கள் மென்பொருளில் வங்கிச் சரிபார்ப்புப் பகுதியைப் புதிதாக எழுதுவதாக விளம்பரத்தில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அந்தப் பகுதியில் வேலை பார்க்க ஆசைப்படுகிறேன். அங்கே பயனர் என்ன கேட்பார் என்பதை அவர் கேட்பதற்கு முன்பே என்னால் சொல்ல முடியும்.

இடைவெளி பற்றி உங்களுக்குத் தயக்கம் இருந்தால், ஒரு கோரிக்கை. எனக்கு ஒரு சோதனை வேலை கொடுங்கள். உங்கள் பழைய பிழைப் பட்டியலிலிருந்து ஒன்றாக இருந்தால் இன்னும் நல்லது. செய்து முடித்ததோடு, எந்த வழிகளை முயன்று கைவிட்டேன் என்பதையும் எழுதி அனுப்புகிறேன். சங்கச் செயலியின் நிரல் முழுவதையும், வீட்டுக்காரர்களின் விவரங்களை நீக்கிவிட்டு, இந்தக் கடிதத்துடன் சுருக்கிய கோப்பாக இணைத்திருக்கிறேன். முதலில் `ledger/models.py` கோப்பையும், பிறகு அதன் சோதனைகளையும் பார்த்தால் போதும். கிட் வரலாற்றையும் அழிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன், என் ஆரம்பகாலத் தவறுகளும் அதில் இருக்கின்றன.

வேலை நேரம் பற்றியும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. முழுநேர வேலைக்குத் தயார். காலை 9 மணிக்குத் தொடங்க முடியும். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க முடிந்தால் உதவியாக இருக்கும், ஆனால் அதை நிபந்தனையாக வைக்கவில்லை. மாமியாரைப் பார்த்துக்கொள்ளப் பகலில் ஆள் ஏற்பாடு செய்தாகிவிட்டது. கணவரும் நானும் பேசி, மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் பொறுப்பை அவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். நீங்கள் தேர்ந்தெடுத்தால் இரண்டு வாரத்துக்குள் சேர முடியும்.

நேர்முகத்துக்கு எந்த வார நாளில் அழைத்தாலும் வருகிறேன். சுயவிவரம், முந்தைய வேலையின் அனுபவச் சான்று, நிரல் கோப்பு மூன்றும் இணைப்பில் உள்ளன.

இப்படிக்கு,
கவிதா