முதல் தலைமுறை மாணவர் உதவித்தொகை: யார் விண்ணப்பிக்கலாம், என்ன கொண்டுவர வேண்டும்

சென்ற ஆண்டு அறிவிப்பில் "குடும்பத்தில் பட்டதாரி எவரும் இல்லாதவர்" என்று போட்டிருந்தோம். அக்கா கல்லூரியில் படிக்கிறாள், சித்தப்பா பட்டதாரி என்று நினைத்துத் தகுதி உள்ளவர்களே விண்ணப்பிக்காமல் இருந்துவிட்டார்கள். தவறு எங்கள் வாசகத்தில்தான். விதி மாறவில்லை, அதைத் தெளிவாகத் திருத்தி எழுதியிருக்கிறோம்.

யார் விண்ணப்பிக்கலாம்?

இந்த ஆண்டு இளநிலைப் பட்டப்படிப்பில் முதலாம் ஆண்டு சேர்ந்தவராக இருக்க வேண்டும். அப்புறம் ஒரே கேள்விதான்: உங்கள் அப்பாவோ அம்மாவோ பட்டம் வாங்கியிருக்கிறார்களா? இருவருமே வாங்கவில்லை என்றால் விண்ணப்பிக்கலாம். ஒருவர் வாங்கியிருந்தாலும் முடியாது. அஞ்சல் வழியில் வாங்கிய பட்டமும் வெளிநாட்டில் வாங்கிய பட்டமும் பட்டம்தான்.

கல்லூரியில் சேர்ந்து பாதியில் நின்றவர் பட்டதாரி அல்ல. கடைசி ஆண்டு வரை படித்து, ஒரு தாள் பாக்கி வைத்துப் பட்டம் வாங்காமலே போன அம்மாவும் அப்படித்தான். டிப்ளமோ, ஐ.டி.ஐ., ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் ஆகியவை பட்டம் ஆகாது.

அண்ணன், அக்கா, தாத்தா, மாமா என்ன படித்திருந்தாலும் கணக்கில் வராது. உங்களைப் பாட்டியோ பெரியம்மாவோ வளர்த்திருந்தாலும் பெற்றோரின் படிப்பை மட்டுமே பார்ப்போம். சட்டப்படி தத்தெடுக்கப்பட்டவர் என்றால், தத்தெடுத்தவர்களே பெற்றோர். இறந்துபோன அல்லது பிரிந்துபோன பெற்றோரின் படிப்பு தெரியாவிட்டால் "தெரியாது" என்று எழுதுங்கள். அதற்காக விண்ணப்பத்தைத் தள்ள மாட்டோம்.

வருமான வரம்பு இல்லை. மதிப்பெண் வரம்பும் இல்லை.

என்ன கொண்டுவர வேண்டும்?

மூன்று தாள்கள். மூன்றுமே வேண்டும், ஏதாவது ஒன்று போதாது.

1. பள்ளி இறுதித் தேர்வு மதிப்பெண் பட்டியலின் ஜெராக்ஸ்
2. கல்லூரிச் சேர்க்கைக் கடிதத்தின் ஜெராக்ஸ்
3. பெற்றோரின் படிப்பு பற்றிய உறுதிமொழிப் படிவம்

மூன்றாவதுதான் பலரை அலைய வைத்தது. "பெற்றோர் பட்டதாரி அல்ல" என்று எந்த அலுவலகத்திலும் சான்றிதழ் வாங்க வேண்டாம். எங்களிடம் உள்ள ஒரு பக்கப் படிவத்தை நீங்களே நிரப்பி, நீங்களே கையெழுத்துப் போட்டால் போதும். பெற்றோர் கையெழுத்து தேவையில்லை. அதில் வேண்டுமென்றே பொய் சொல்லியிருந்தால் மட்டும் தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும்.

அசல் சான்றிதழ்களைக் கொடுக்காதீர்கள். ஜெராக்ஸில் அதிகாரி கையெழுத்தோ முத்திரையோ வேண்டாம். மதிப்பெண் பட்டியலிலும் சேர்க்கைக் கடிதத்திலும் உங்கள் பெயரின் எழுத்தோ இனிஷியலோ மாறியிருந்தால், "இரண்டும் நானே" என்று படிவத்தின் கடைசி வரியில் எழுதிவிடுங்கள்.

எங்கே, எப்போது?

கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவில், ஆகஸ்ட் 20 மாலை 5 மணிக்குள் நேரில் கொடுங்கள். வர முடியாவிட்டால் நண்பரிடம் கொடுத்தனுப்பலாம். கட்டணம் கிடையாது. தாள்களை வாங்கியதும் ரசீது தருவோம், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு தாள் குறைந்தாலும் விண்ணப்பத்தை வாங்கிக்கொள்வோம். எது குறைகிறது என்று ரசீதிலேயே எழுதித் தருவோம், அதைக் கொண்டுவர ஆகஸ்ட் 27 வரை நேரம் உண்டு.