டிசம்பர் காலாண்டு விற்பனை 18,642 லட்சம் இல்லை, 16,687 லட்சம் (வியாழக்கிழமை கூட்டத்துக்கு முன் பார்க்கவும்)

முத்தையா அண்ணே, வணக்கம்.

வெள்ளிக்கிழமை முதலாளிக்குப் போன அக்டோபர்–டிசம்பர் அறிக்கையில் மொத்த விற்பனை 18,642 லட்சம் கியாட் என்று இருக்கிறது. அதில் 1,955 லட்சம் இரண்டு முறை சேர்ந்திருக்கிறது. சரியான தொகை 16,687 லட்சம். வியாழக்கிழமை பங்குதாரர் கூட்டத்தில் பழைய எண்ணை யாரும் வாசித்துவிடக் கூடாது என்பதால், போனில் பாதி பாதியாகச் சொல்லாமல் முழுவதையும் இங்கே எழுதிவிடுகிறேன். திருத்திய ஷீட்டை இணைத்திருக்கிறேன்.

கிளைவாரியாக, லட்சத்தில்:

ரங்கூன் 9,384 (மாற்றம் இல்லை)
மாந்தளை 4,126 என்று இருந்தது, இப்போது 2,808
மோல்மேன் 2,915 என்று இருந்தது, இப்போது 2,278
பெகு 2,217 (மாற்றம் இல்லை)

போன காலாண்டு 15,960 லட்சம். அதனால் அறிக்கையில் 16.8 சதவீத வளர்ச்சி என்று எழுதியிருப்பது உண்மையில் 4.6 சதவீதம்தான். நிர்ணயித்த இலக்கு 16,500, அதை நாம் தாண்டித்தான் இருக்கிறோம், ஆனால் 187 லட்சம் வித்தியாசத்தில். அறிக்கையில் இருக்கிற 2,142 லட்சம் வித்தியாசத்தை வைத்து யாராவது புது லாரி, புது குடோன் என்று பேச ஆரம்பித்தால் பிறகு நிறுத்துவது கஷ்டம் அண்ணே, எனக்கு அதுதான் பெரிய கவலை.

எப்படி இரட்டிப்பாச்சு என்றால், பெரிய கடைக்காரர்களுக்கு பில் ரங்கூனில் போடுகிறோம், சரக்கு மட்டும் மாந்தளை அல்லது மோல்மேன் குடோனிலிருந்து போகிறது. செப்டம்பர் வரை கிளைகள் இந்த மாதிரி சரக்குக்கு டெலிவரி சீட்டு மட்டும்தான் அனுப்பினார்கள். அக்டோபர் 1 முதல் எல்லோருக்கும் ஒரே ஷீட் என்று ஆனபோது, குடோனை விட்டு வெளியே போகிற எதையும் அந்த ஷீட்டில் எழுத வேண்டும் என்று சொல்லப்பட்டது, அவர்களும் சொன்னபடி எழுதினார்கள். ஆனால் "டெலிவரி மட்டும்" என்று குறிக்க அதில் ஒரு கட்டம் இல்லை. அதனால் ரங்கூன் பில்லும் விற்பனை, மாந்தளை வரியும் விற்பனை என்று இரண்டும் ஒரே மொத்தத்தில் போய் விழுந்தது. மாந்தளையில் கணக்கு எழுதுகிற மா கின்னிடம் இன்று காலை பேசினேன், அவர் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் கையெழுத்துப் போட்ட சீட்டு வைத்திருக்கிறார். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை, இந்த விஷயம் மேலே போகும்போது அதையும் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

ஒரு பில்லை மட்டும் எடுத்துக் காட்டுகிறேன். நவம்பர் 14, ரங்கூன் ஷீட்டில் RGN-2214, கடலைப் பருப்பு 300 வீசை, 21,60,000 கியாட். அதே நாள் மாந்தளை ஷீட்டில் MDY/2214, அதே வாடிக்கையாளர் எண், அதே 300 வீசை, தொகை 22,80,000. கூடுதலாக இருக்கிற 1,20,000 லாரி கூலி. முன்னெழுத்தும் வேறு, தொகையும் வேறு என்பதால் எக்செலில் Remove Duplicates போட்டால் இந்த இரண்டு வரியும் அப்படியே தங்கிவிடும். அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை.

எனக்குத் தெரிய வந்தது விற்பனையிலிருந்து இல்லை, குடோன் கணக்கிலிருந்து. மாந்தளையில் கடலைப் பருப்பு அக்டோபர் தொடக்கத்தில் 2,150 வீசை, வந்தது 11,400, விற்றது 14,720 என்று ஷீட் சொல்கிறது. கழித்துப் பார்த்தால் மீதி மைனஸ் 1,170 வீசை. இல்லாத பருப்பை யாரும் விற்க முடியாது. டிசம்பர் 31 அன்று எண்ணிய இருப்பு 1,802 வீசை. இரட்டிப்பான பில்களில் இருக்கிற 2,986 வீசையை எடுத்துவிட்டால் கணக்குப்படி இருப்பு 1,816 வருகிறது, வெறும் 14 வீசைதான் குறைகிறது. மூட்டை மாற்றும்போது சிந்துவது அந்த அளவு இருக்கும்.

அப்புறம் எல்லா பில்லையும் ஒரே ஷீட்டில் போட்டு, பில் எண்ணின் கடைசி நான்கு இலக்கம், வாடிக்கையாளர் எண், அளவு மூன்றையும் சேர்த்து ஒரு அடையாளம் செய்தேன். தொகையை வேண்டுமென்றே சேர்க்கவில்லை, லாரி கூலியால் அது மாறிவிடுகிறது.

```
H2:  =RIGHT(A2,4)&"|"&D2&"|"&F2
I2:  =COUNTIFS(Bills!$H:$H,H2)
```

I கட்டத்தில் 2 வந்தவை 137 ஜோடி. மாந்தளை 96 பில், 1,318 லட்சம். மோல்மேன் 41 பில், 637 லட்சம். பெகுவுக்குச் சரக்கு ரங்கூன் குடோனிலிருந்தே போவதால் அங்கே ஒன்றும் இல்லை. இதில் 131 ஜோடியில் தொகையும் அப்படியே ஒத்துப் போகிறது. மீதி 6 பில்லில் லாரி கூலி சேர்ந்திருந்தது, அவற்றைச் சீட்டோடு வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டேன். அந்தக் கூலி மொத்தம் 9 லட்சம், நம் வருமானம் இல்லை, லாரிக்காரருக்குப் போன பணம், அதனால் அதுவும் வெளியே போய்விட்டது.

இன்னொரு பக்கத்திலிருந்தும் சரிபார்த்தேன், ஏனென்றால் ஒரே ஷீட்டை வைத்துக்கொண்டு அதே ஷீட்டைச் சரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த மூன்று மாதத்தில் பேங்கிலும் ரொக்கமாகவும் வந்தது 15,836 லட்சம், கடைக்காரர் பாக்கி கூடியது 848 லட்சம், கொடுத்த தள்ளுபடி 3 லட்சம். கூட்டினால் 16,687. பழைய எண் உண்மையாக இருந்திருந்தால் பாக்கி இன்னும் 1,955 லட்சம் கூடியிருக்க வேண்டும், அப்படி ஒரு பாக்கி எந்தக் கடை மேலும் இல்லை.

ஜூலை–செப்டம்பர் ஷீட்டையும் இதே முறையில் ஓட்டிப் பார்த்தேன், ஒரு ஜோடி கூட இல்லை. ஆகவே 15,960 சரியான எண், ஒப்பிட அதையே வைத்துக்கொள்ளலாம். வணிக வரிக் கணக்கு நேராகப் பில் புத்தகத்திலிருந்து போகிறது, இந்த ஷீட்டைத் தொடுவதே இல்லை என்று அக்கவுண்ட்ஸில் சொன்னார்கள். அந்தப் பக்கம் திருத்த ஒன்றும் இல்லை.

இப்போது உங்களிடமிருந்து எனக்கு வேண்டியது இரண்டு முடிவு.

முதலாவது, இந்த 137 பில் யாருடைய விற்பனை என்பது. நான் பில் போட்ட இடத்தில், அதாவது ரங்கூனில் வைத்திருக்கிறேன், பணம் அங்கேதான் வருகிறது. கிளைக்குக் கொடுத்தாலும் மொத்தம் 16,687-ஐ விட்டு நகராது. ஆனால் மாந்தளைக்கு இலக்கு 3,200. ரங்கூனில் வைத்தால் அவர்கள் 2,808, இலக்கைத் தொடவில்லை, ஜனவரி சம்பளத்தோடு வர வேண்டிய போனஸ் போய்விடும். இதில் எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்த ஆர்டர்களில் நிறைய மாந்தளைப் பையன்கள் கடை கடையாக ஏறி இறங்கிப் பிடித்தவை, ரங்கூனில் பில் மட்டும்தான் அடித்தோம். அறிக்கையில் விற்பனை ரங்கூனிலேயே இருக்கட்டும், போனஸுக்கு மட்டும் "கிளை வழியாகப் போனது" என்று தனி வரி காட்டி அதைக் கிளைக்குச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. மோல்மேனுக்கும் அதே மாதிரி. எப்படி இருந்தாலும் உங்கள் முடிவு வரும் வரை போனஸ் பட்டியலைச் சம்பளப் பகுதிக்கு அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது, மாந்தளைக்கான கடலைப் பருப்பு ஆர்டர். 14,720 வீசை விற்றது என்று நினைத்து 15,000 வீசைக்கு எழுதி வைத்திருக்கிறார்கள், உண்மையில் போனது 11,734 வீசை. மாசியில் புதுக் கடலை சந்தைக்கு வர ஆரம்பித்துவிடும், அந்த நேரத்தில் பழைய விலைக்கு வாங்கிய மூட்டைகளை அடுக்கி வைத்துக்கொண்டு நின்றால் நஷ்டம், பங்குனி வெயிலில் வண்டு வேறு விழும். ஆர்டர் புதன்கிழமை உறுதியாகிறது என்றார்கள், அதற்கு முன் நீங்கள் ஒரு போன் போட்டு நிறுத்தி வைத்தால் போதும், புது அளவை நான் கணக்குப் போட்டுத் தருகிறேன்.

இனி இப்படி வராமல் இருக்க ஷீட்டில் "டெலிவரி மட்டும்" என்று ஒரு கட்டம் சேர்த்துவிட்டேன், அதில் Y போட்ட வரி மொத்தத்தில் சேராது. கிளைகளுக்கு இன்னும் அனுப்பவில்லை, நீங்கள் பார்த்துச் சரி என்றால் அனுப்புகிறேன். மேலே சொன்ன ஜோடிச் சோதனையையும் மாதக் கடைசியில், அறிக்கை வெளியே போவதற்கு முன் ஓட்டுகிற வேலையாக வைத்துக்கொள்கிறேன்.

முதலாளிக்கு அனுப்ப வசதியாக இருக்கும் என்று ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருக்கிறேன், உங்களுக்குத் தோன்றியபடி மாற்றிக்கொள்ளுங்கள்:

"ஐயா, வெள்ளிக்கிழமை அனுப்பிய அக்டோபர்–டிசம்பர் அறிக்கையில் மொத்த விற்பனையை 16,687 லட்சம் என்று திருத்திக்கொள்ளவும். ரங்கூனில் பில் போட்டு மாந்தளை, மோல்மேன் குடோன்களிலிருந்து அனுப்பிய 137 பில்கள் இரண்டு இடத்திலும் சேர்ந்திருந்தன. இலக்கைத் தாண்டியிருக்கிறோம், வளர்ச்சி 4.6 சதவீதம். வரவு, பாக்கி இரண்டோடும் ஒப்பிட்டுச் சரிபார்த்தாயிற்று. பழைய அறிக்கையைப் பயன்படுத்த வேண்டாம்."

பழைய கோப்பை அழிக்கவில்லை அண்ணே, பெயரில் "பழையது" என்று சேர்த்துத் தனி ஃபோல்டரில் வைத்திருக்கிறேன், யாராவது இரண்டையும் வைத்துப் பார்க்கக் கேட்டால் காட்டலாம். 137 ஜோடியும் இணைப்பில் இரண்டாவது தாளில் பக்கம் பக்கமாக இருக்கிறது.

நாளை மதியத்துக்குள் போனஸ், பருப்பு ஆர்டர் இரண்டுக்கும் பதில் சொன்னால் கூட்டத்துக்கான பிரிண்டை புதன்கிழமை காலையே எடுத்துவிடுவேன். இன்று ஏழு மணி வரை ஆபீஸில்தான் இருக்கிறேன், ஏதாவது எண் புரியவில்லை என்றால் கூப்பிடுங்கள், ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டே பேசலாம்.

கலைச்செல்வி
விற்பனைக் கணக்கு, ரங்கூன்